மிச்சம் என்று சொல்லாதே, வேணும் என்று சொல்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் 2007 தீபாவளிக்கு வந்தது. அதே வாரத்தில் அதே மாடலைத் தங்கச்சி வீட்டுக்கும் வாங்கினோம். 2023-லும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. 2023 ஆகஸ்டில் மகன் சென்னையிலிருந்து வந்தவன், சமையலறையில் அது உறுமுவதைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது கரண்ட்டைக் குடிக்குது. புதுசு வாங்குனா கரண்ட் பில்லுலயே காசு திரும்பிடும்" என்றான். மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கும் கூட்டிப்போனான்.

கடைப் பையன் இன்னும் ஒரு படி மேலே போனான். "சார், மாசம் ஐந்நூறு ரூபாய் மிச்சமாகும். நாலு வருஷத்துல ஃப்ரிட்ஜ் ஃப்ரீ" என்றான். விலை 26,500. பழையதுக்கு 2,000 கழிவு. கையிலிருந்து போவது 24,500. நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு மகன், "நான் தரேன்ப்பா, விடுங்க" என்றான். அப்பா கஞ்சம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டான்.

கருவூலத்தில் 33 வருஷம் அடுத்தவர் போட்ட கூட்டலைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் நான். வீட்டுக்கு வந்து மின்வாரிய அட்டையை எடுத்தேன். 2022 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை ஆறு ரீடிங். யூனிட் இப்படி: 251, 226, 238, 284, 291, 262. இதில் பெரிய பில் ஜூன் மாதத்து 291 யூனிட். தொகை 635 ரூபாய்.

கவனியுங்கள், அது இரண்டு மாதத்துக்கான தொகை. ஃபேன், லைட், டிவி, மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் சேர்த்து மாதம் 320 ரூபாய்கூட ஆகாத வீட்டில், ஃப்ரிட்ஜ் ஒன்றை மாற்றினால் மாதம் 500 மிச்சமாகுமாம்! இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கும் தேவையில்லை. அட்டையைத் திறந்து பார்த்தால் போதும். கடைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

சரி, பையன் சொன்னது பொய் என்பதாலேயே மகன் சொன்னது பொய்யாகிவிடாது. உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? பில்லை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. பில் வீட்டு மொத்தத்தைச் சொல்லுமே தவிர ஃப்ரிட்ஜின் பங்கைச் சொல்லாது. அதைத் தனியாக அளக்க வேண்டும்.

செப்டம்பரில் ஐந்து நாள் வெளியூர் போனோம். கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்தேன். இன்வெர்ட்டரையும் அணைத்தேன், சும்மா இருந்தாலும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தால் 7 யூனிட். நாளைக்கு 1.4. ஆனால் அது கதவே திறக்காத ஐந்து நாள். வீட்டில் ஆள் இருந்தால் கதவு திறக்கும், சூடு ஆறாத சாம்பாரும் உள்ளே போகும். அதனால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வாரம் மாட்டினேன். ஏழு நாளில் 11.2 யூனிட். நாளைக்கு 1.6. ஒரு மணி நேரம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்பது, அந்த ஒரு மணி நேரம் எதையும் சொல்லாது.

புதிய ஃப்ரிட்ஜின் ஸ்டார் ஸ்டிக்கரில் வருஷத்துக்கு 215 யூனிட் என்று இருந்தது. நாளைக்கு 0.59 ஆகிறது. ஆனால் அது சோதனைக்கூடத்தில் கதவைத் திறக்காமல் அளந்தது. நம் சமையலறைக்கு நான் 0.8 என்று வைத்துக்கொண்டேன். ஆக, ஒரு நாளைக்கு மிச்சம் 0.8 யூனிட். 60 நாள் பில்லுக்கு 48 யூனிட்.

இனிமேல்தான் பெரும்பாலானவர்கள் தவறும் இடம். 48 யூனிட்டை என்ன விலையால் பெருக்குவது? கடைக்காரர் எட்டு ரூபாய் என்பார். வேறு சிலர் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி போடுவார்கள். இரண்டும் தப்பு. அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தால் மேலே இருப்பதைத்தானே முதலில் இறக்க முடியும்? மின்கட்டணமும் அப்படித்தான். மிச்சமாகும் யூனிட் உங்கள் பில்லின் மேல்தட்டிலிருந்துதான் கழியும். 2022 செப்டம்பர் விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய்.

எங்கள் வீட்டில் ஆறு பில்லில் நாலு பில்லுக்கு 48 யூனிட்டும் 4.50 தட்டிலேயே கழிகிறது. பில்லுக்கு 216 ரூபாய். மற்ற இரண்டில், அதாவது 226-லும் 238-லும், கொஞ்சம் 2.25 தட்டுக்கு இறங்கிவிடுகிறது. அவற்றில் மிச்சம் 166.50-ம் 193.50-ம்தான். வருஷத்துக்கு மொத்தம் 1,224 ரூபாய். 24,500-ஐ இதால் வகுத்தால் இருபது வருஷம். எனக்கு அப்போது வயது 71. போட்ட காசு திரும்பும்போது எனக்கு 91 ஆகியிருக்கும். ஃப்ரிட்ஜுக்கு அவ்வளவு ஆயுள் உண்டா என்பது அடுத்த கேள்வி.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணே, எங்க வீட்டுக்கும் போட்டுப் பாருங்க" என்றாள். அங்கே ஐந்து பேர், ஒரு ஏ.சி. பில்கள் 524, 446, 471, 612, 655, 538. ஃப்ரிட்ஜ் அதே மாடல், மிச்சம் அதே 48 என்று வைத்தேன். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். அதிலேயே 225 ரூபாய் கூடும். 501 முதல் 600 வரை 8 ரூபாய், அடுத்த 200 யூனிட்டுக்கு 9. ஆகவே 538 யூனிட் பில் 490-க்கு இறங்கினால் 2,254 ரூபாய் 1,665 ஆகிறது. ஒரே பில்லில் 589 ரூபாய் மிச்சம். ஆறு பில்லையும் கூட்டினால் வருஷத்துக்கு 2,551. பத்து வருஷத்துக்குள் காசு திரும்பும்.

அதே ஃப்ரிட்ஜ், அதே ஸ்டிக்கர், அதே ஊர். ஒரு வீட்டில் இருபது வருஷம், இன்னொரு வீட்டில் அதில் பாதி. அப்படியிருக்க "நாலு வருஷத்துல ஃப்ரீ" என்று எல்லாருக்கும் ஒரே பல்லவியைப் பாட இவர்களுக்கு எப்படி வாய் வருகிறது? அந்தப் பேச்சில் முதலில் மயங்குவது நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள்தான். அதிலும் கம்மியாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குத்தான் இதில் லாபம் கம்மி.

இந்தக் கணக்கு 2023 விகிதத்தில் போட்டது. 2024 ஜூலையில் கட்டணம் ஐந்து சதவீதத்துக்குள் ஏறியது. அதைச் சேர்த்தாலும் இருபது பத்தொன்பதாகும், அவ்வளவுதான். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நான் மாத்தினேன், பில் பாதியாச்சே" என்று அடுத்த தெரு நண்பர் வாதாடினார். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். அக்டோபரில் மாற்றி, டிசம்பர் பில்லை ஆகஸ்ட் பில்லோடு ஒப்பிட்டிருக்கிறார்! மழைக்காலத்தில் ஏ.சி. நின்றதும் ஃபேன் குறைந்ததும் ஃப்ரிட்ஜ் கணக்கில் ஏறிவிட்டன. ஒப்பிடுவதானால் டிசம்பரை முந்தின டிசம்பரோடு ஒப்பிட வேண்டும். அதிலும் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நடுவில் விகிதம் மாறியிருக்கலாம். இன்னொருவர் பழையதை மாடிக்கு ஏற்றித் தண்ணீர் பாட்டில் வைக்க ஓடவிட்டிருக்கிறார். அவருக்கு மிச்சம் ஏது? புதியதன் செலவு கூடியதுதான்.

பழையதைக் கட்டிக்கொண்டே அழு என்று நான் சொல்லவில்லை. கம்ப்ரஸர் போய், எப்படியும் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கணக்கு வேறு. அப்போது முழு விலையைப் பார்க்கக் கூடாது. கம்மி ஸ்டாருக்கும் கூடுதல் ஸ்டாருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, இரண்டு ஸ்டிக்கருக்கும் உள்ள யூனிட் வித்தியாசத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் செய்தது வேறு. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போயிருந்தது. 950 ரூபாயில் மாற்றினேன். மறுபடி ஒரு வாரம் மீட்டர் மாட்டியதில் நாளைக்கு 1.6 என்பது 1.35 ஆகியிருந்தது. வருஷத்துக்கு 400 ரூபாய் மிச்சம், இரண்டரை வருஷத்துக்குள் செலவு அடைந்துவிடும். பழையது குடிப்பது குறைந்ததால் புதியதன் இருபது வருஷமும் முப்பது ஆயிற்று.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அன்று இரவு என் மனைவி, "ஏங்க, கரண்ட்டு கெடக்கட்டும். அடியில இருக்கிற காய் டப்பாவை எடுக்க எனக்குக் குனிய முடியல. முட்டி பிடிச்சுக்குது" என்றாள். பதினாறு வருஷக் கணக்கில் நான் சேர்க்காத ஒரு வரி அது.

காய் டப்பா உயரத்தில் இருக்கிற மாடலாகப் பார்த்து அடுத்த மாதம் என் பணத்தில் வாங்கினேன். பழையதைக் கடைக்கே கொடுத்துவிட்டேன். மகன் சிரித்தான்: "முப்பது வருஷம் ஆகும்னீங்களே?"

ஆகும்தான். அது கரண்ட் பில்லின் கணக்கு. இது உங்க அம்மா முட்டிக்கு வாங்கினது. இதில் திரும்பி வர ஒன்றுமில்லை என்றேன்.