கோடிட்ட இடத்தில் ஒரு சண்டை

இயற்பியல் படிப்பவனுக்குக் கிரேக்கம் எதற்கு என்று விடுதியில் கேலி செய்கிறார்கள். மாலை வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. கேலிக்கு விடை இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனால் பாடப் புத்தகத்துடன் ஒரு வழக்கு இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

இன்றைய கிரேக்கத்தில் பெயர்ச்சொல் தனியே வருவது அரிது. முன்னால் ‘ஆர்ட்டிகிள்’ என்னும் சிறுசொல் ஒன்று நிற்கும். ஆண்பாலுக்கு ‘ஒ’, பெண்பாலுக்கு ‘இ’, மூன்றாம் பாலுக்கு ‘தொ’. ஆட்பெயரையும் அது விடுவதில்லை. மரியாவை ‘இ மரியா’ என்றே சொல்ல வேண்டும். நாம் ‘ஐ’ உருபைப் பெயரின் பின்னால் ஒட்டுகிறோம். அவர்களோ செயப்படுபொருளைக் காட்ட ஆர்ட்டிகிளையே மாற்றுகிறார்கள்: ‘ஒ’ என்பது ‘தொன்’ ஆகும், ‘இ’ என்பது ‘தின்’ ஆகும்.

எங்கள் புத்தகத்தில் வந்த வினா இது: கோடிட்ட இடங்களை நிரப்புக. ‘— மரியா வ்லேப்பி — எலேனி.’ ‘வ்லேப்பி’ என்றால் ‘பார்க்கிறாள்’ என்று பொருள். நான் முதலிடத்தில் ‘தி’ என்றும் இரண்டாமிடத்தில் ‘இ’ என்றும் எழுதினேன். விடைப்பக்கமோ ‘இ’, ‘தின்’ என்றது. மதிப்பெண் போயிற்று.

நான் எழுதியது தவறா? இல்லை என்பதே என் வாதம். ஆண்பாற் பெயரானால் சொல்லின் ஈறே வேற்றுமையைக் காட்டிக் கொடுக்கும்: ஆசிரியர் எழுவாயானால் ‘ஒ தாஸ்கலொஸ்’, செயப்படுபொருளானால் ‘தொன் தாஸ்கலொ’. கடைசி ‘ஸ்’ போனதைக் கண்டாலே போதும். ஆனால் மரியாவும் எலேனியும் இவ்விரண்டு இடத்திலும் மாறாத பெயர்கள். பார்த்தது யார், பார்க்கப்பட்டது யார் என்று சொல்லும் ஒரே சாட்சி ஆர்ட்டிகிள். அந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டு, நடந்தது என்ன என்று கேட்டால் எப்படி? வினைச்சொல்லும் இருவருக்கும் பொது. சொல்வரிசையும் கிரேக்கத்தில் சட்டமன்று. செயப்படுபொருள் முன்னே வரலாம். ஆகவே அந்த வாக்கியத்துக்கு இரண்டு விடைகள் உண்டு.

ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இலக்கணப்படி சரி, தம்பி. ஆனால் நீங்கள் எழுதியதற்கு ‘மரியாவைத்தான் எலேனி பார்க்கிறாள்’ என்று அழுத்தம் வந்துவிடும். சும்மா சொல்லும்போது யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்” என்றார். நியாயம்தான். ஆயினும் வெறும் வாக்கியத்தில் அழுத்தம் எங்கே இருக்கிறது என்று மாணவன் எப்படி அறிவான்? மேலே ஒரு வரி போட்டால் தீர்ந்தது. ‘எலேனி யாரைப் பார்க்கிறாள்?’ என்று கேட்டுவிட்டு அதே வாக்கியத்தைத் தந்தால் என் விடை ஒன்றே பொருந்தும். ‘மரியா யாரைப் பார்க்கிறாள்?’ என்று கேட்டால் புத்தகத்தின் விடை பொருந்தும். அப்போது மாணவன் பொருளை நினைத்து எழுதுவான். முதலில் வருவது எழுவாய் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டான்.

(‘தி மரியா’, ‘தின் எலேனி’ என ‘ன்’ வந்தும் போயும் நிற்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். உயிரெழுத்துக்கும் க, ப, த போன்ற சில வல்லோசைகளுக்கும் முன் அது நிற்கும். ‘ம’வுக்கு முன் உதிரும். புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதன்று.)

மூன்றாம் பாலில் நிலைமை வேறு. ‘தொ பெதீ வ்லேப்பி தொ ஸ்கிலீ’ என்றால் குழந்தை நாயைப் பார்க்கிறது. இங்கே பெயரும் மாறாது, ஆர்ட்டிகிளும் மாறாது. நாமும் ‘மரத்தை வெட்டினான்’ என்பதை ‘மரம் வெட்டினான்’ என்று உருபை விட்டுச் சொல்வதுண்டல்லவா! இங்கே கோடு போட்டால் பால் தெரியுமா என்று சோதிக்கலாம். வேற்றுமையைச் சோதிக்க முடியாது. எங்கள் புத்தகமோ ‘வேற்றுமைப் பயிற்சி’ என்று தலைப்பிட்டு இவற்றையே வரிசையாக அடுக்கியிருக்கிறது.

பாலைச் சோதிப்பதுதான் நோக்கமென்றால் அதற்கு நல்ல சொற்கள் வேறு உண்டு. ‘ஒஸ்’ என முடிவதெல்லாம் ஆண்பால் என்று தொடக்க மாணவன் எண்ணிக்கொள்கிறான். ஆனால் வழி என்னும் பொருளுடைய ‘ஒதோஸ்’ பெண்பால். அதன் வழிவந்த சொற்களும் அப்படியே. 1834-இல் மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ஹியூவெலின் யோசனைப்படி மின்பகுப்புக்குக் கொண்டுவந்த ஆனோடும் கேத்தோடும் இந்தக் குடும்பம்தான். கிரேக்கத்தில் ‘இ ஆனொதொஸ்’, ‘இ காதொதொஸ்’. ஆய்வுமுறை என்னும் ‘மேதொதொஸ்’ என்பதும் அவ்வாறே. ஈற்றை நம்பினால் ஏமாற்றும் இச்சொற்களில் ஆர்ட்டிகிள் மட்டுமே பாலைச் சொல்லும். ஆகவே ‘— மேதொதொஸ்’ என்று ஒரு கோடு போடுங்கள். நானும் முதல் தடவை ‘ஒ’ என்றுதான் எழுதினேன். அந்த மதிப்பெண் போனதற்கு மட்டும் எனக்கு வழக்கில்லை.