ஷேடர் கேஷை அழிக்காதே மச்சான்

புது கேம் ஒன்றை இன்ஸ்டோல் பண்ணின முதல் நாள் அது திக்கித் திக்கி ஓடுது எண்டு வட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிசத்தில் மூன்று பதில் வரும். "கிராபிக்ஸக் குறைச்சு விடு." "டிரைவர் அப்டேட் பண்ணு." "ஷேடர் கேஷ அழிச்சிட்டுப் பார்." மூன்றும் நல்ல மனசோடுதான் சொல்லப்படுகின்றன. ஆனால் அந்தத் திக்கல் ஷேடர் கொம்பைலால் வருகிறது என்றால் முதலாவதால் பெரிய பிரயோசனம் இல்லை. மூன்றாவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இரண்டாவது, எப்போது செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டில் ஓடுகிற ஒரு சின்னப் புரோகிராம். ஈரமான தார் ரோட்டில் வெளிச்சம் எப்படி மின்ன வேண்டும், புகைக்குள்ளால் நெருப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதை எல்லாம் அதுதான் கணக்குப் போடுகிறது. ஒரு பெரிய கேமில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். பிளேஸ்டேசன் 5 மாதிரி ஒரு கொன்சோலில் எல்லோரிடமும் ஒரே சிப் என்பதால், கேமை உருவாக்குகிற நிறுவனமே இவற்றை முழுதாகக் கொம்பைல் பண்ணி அனுப்பிவிடலாம். பீசியில் அது முடியாது. உங்களிடம் இருப்பது ஒரு கார்ட், பக்கத்து அறைப் பெடியனிடம் இருப்பது இன்னொன்று, டிரைவர் பதிப்பும் வேறு. அதனால் கேம் பாதி சமைத்த நிலையில்தான் வருகிறது. மிச்சச் சமையலை உங்கள் கார்டின் டிரைவர், உங்கள் சீபியூவை வைத்து, உங்கள் வீட்டில் செய்கிறது.

பிரச்சினை இந்தச் சமையல் எப்போது நடக்கிறது என்பதில்தான். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. ஒரு வெடிப்பு முதல் தடவை திரையில் வரும்போது அதற்கான ஷேடர் இன்னும் தயாராக இல்லை என்றால், கேம் நின்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு 100 மில்லிவிநாடி என்றால்கூட ஆறு பிரேம் போய்விட்டது. கண்ணுக்கு அது ஒரு உறைவு. டிரெக்ட்எக்ஸ் 12 வந்த பிறகு இது கூடியதற்கும் காரணம் உண்டு. 11 இல் இந்த வேலையின் பெரும்பகுதியை டிரைவர் பின்னுக்கு இருந்து சமாளித்தது. 12 இல் எந்த ஷேடரை எந்த நிலையில் பயன்படுத்தப் போகிறோம் என்பதைக் கேமே முன்கூட்டிச் சொல்லித் தயார்படுத்த வேண்டும். சொல்ல மறந்த கேம்கள்தான் நடு ஆட்டத்தில் திக்குகின்றன.

ஒருமுறை கொம்பைல் ஆனது டிஸ்க்கில் சேமிக்கப்படும். அதுதான் கேஷ். அடுத்த தடவை அதே வெடிப்பு வந்தால் புதிதாகச் செய்யத் தேவையில்லை, எடுத்துப் போட்டால் போதும். அதை அழிப்பது என்பது சமைத்து வைத்த சோற்றைக் கொட்டிவிட்டுத் திரும்ப உலை வைப்பது மாதிரி. டிரைவரை மாற்றினாலும் இதேதான் நடக்கும், பழைய கேஷ் செல்லாமல் போகும். ஆகவே டிரைவர் அப்டேட் தேவை என்றால் கேமைத் தொடங்க முதல் பண்ணுங்கள். பாதிக் கதையில் பண்ணாதீர்கள். கிராபிக்ஸ் தரத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடுவதும் கவனம்: சில செட்டிங்குகளை மாற்றினால் கேமுக்கு வேறு ஷேடர்கள் தேவைப்படும், அவை எல்லாம் திரும்ப முதலில் இருந்து.

சில கேம்கள் இந்த வேலையை மெனுவிலேயே செய்கின்றன. 2023 மார்ச் 28 அன்று பீசிக்கு வந்த 'தி லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 1' இதற்கு நல்ல உதாரணம். மெனுவில் ஷேடர் தயாரிப்பு வீதம் ஓடிக்கொண்டிருக்கும். வெளியான நேரத்தில் பலருக்கு அது அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று இழுத்தது. ஆனால் அது முடிய முதலே ஆட்டத்தைத் தொடங்கவும் விட்டது. பொறுமை இல்லாதவர்கள் தொடங்கினார்கள். பின்னுக்குக் கொம்பைல் நடக்க, முன்னுக்கு விளையாட்டும் ஓட, இரண்டுக்கும் சீபியூ ஒன்றுதான். பின்னுக்கு ஷேடர் ஏறும்போது வேகமும் நிலைத்தன்மையும் குறையும் என்று தயாரிப்பாளர்களே தெரிந்த குறைகளின் பட்டியலில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பல பட்ச்கள் வந்தன. ஆனால் பாடம் பழையதுதான்: வீதம் 100 ஆகும்வரை கேமைத் தொடாதீர்கள். லப்டொப் என்றால் சார்ஜரில் போட்டுவிடுங்கள், பற்றரியில் சீபியூ வேகம் குறைந்து இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம். மெத்தைக்கு மேல் வைக்காதீர்கள். சீபியூவின் எல்லாக் கோர்களும் முழு வேகத்தில் ஓடுகிற நேரம் அது.

சரி, திக்குவது ஷேடரால்தானா என்று எப்படித் தெரியும்? ஊகிக்கத் தேவையில்லை. சேவ் பண்ணக்கூடிய ஒரு இடத்தில் நின்று, இதுவரை பாவிக்காத ஒரு விசயத்தைச் செய்யுங்கள். ஒரு நெருப்புப் போத்தலை எறிகிறீர்கள் என்று வையுங்கள். முதல் எறியில் உறைகிறது. உடனே அதே இடத்தில் இரண்டாவது எறியுங்கள். உறையவில்லை என்றால் அது ஷேடராக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. இனி கேமை முழுதாக மூடி, திரும்பத் திறந்து, சேவை எடுத்து மூன்றாவது போத்தல். இதுதான் முக்கியம். இதுவும் வழுக்கிக்கொண்டு போனால் உங்கள் கேஷ் ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது, விளையாட விளையாடத் திக்கல் குறைந்துகொண்டு போகும், நீங்கள் எதையும் திருத்தத் தேவையில்லை. மூன்றாவது எறியில் திரும்ப உறைந்தால், கேஷ் எங்கோ காணாமல் போகிறது.

எங்கள் பச்சில் ஒருத்தனின் லப்டொப்பில் இதுதான் நடந்தது. நான்கு கோர் சீபியூ, ஜீடிஎக்ஸ் 1650, 256 ஜிபி டிஸ்க். கேமின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு நாளும் முதல் அரை மணித்தியாலம் உறைவு, பிறகு சரி, அடுத்த நாள் திரும்ப உறைவு. அவன் இரண்டு தடவை கேமை அழித்து இன்ஸ்டோல் பண்ணிவிட்டான், அறுபது ஜிபி டேட்டா இரண்டு தடவை. மூன்று போத்தல் சோதனை செய்தோம்: முதலாவது உறைந்தது, இரண்டாவது இல்லை, மூன்றாவதும் இல்லை. லப்டொப்பை ரீஸ்டார்ட் பண்ணி நாலாவதை எறிந்தோம். உறைந்தது! அப்போதுதான் பிடிபட்டது. டிஸ்க்கில் 3 ஜிபிதான் மிச்சம். அதனால் அவன் எப்போதோ போட்டு வைத்த ஒரு கிளீனர் ஒவ்வொரு தடவை கம்பியூட்டர் ஒன் ஆகும்போதும் தற்காலிகக் கோப்புகளோடு சேர்த்து ஷேடர் கேஷையும் துடைத்துக்கொண்டிருந்தது. கிளீனரை எடுத்தோம். பழைய படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி 20 ஜிபி இடம் விட்டோம். என்விடியா கொன்ட்ரோல் பனலில் `Manage 3D settings` போய் `Shader Cache Size` என்பதை `10 GB` ஆக்கினோம். அடுத்த நாள் காலையில் உறைவு இல்லை.

விண்டோஸிலேயே இதே ஆபத்து இருக்கிறது. `Disk Cleanup` திறந்தால் `DirectX Shader Cache` என்று ஒரு வரி வரும். இடம் தேவை என்று எல்லாவற்றிலும் டிக் போட்டால் அதுவும் போய்விடும். அந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். கேஷை அழிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழுதான கேஷால் கேம் மூடுப்படுகிறது, படம் சிதறித் தெரிகிறது என்றால் ஒருமுறை அழியுங்கள். திக்கலுக்கு மருந்தாக அழிக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது தடவையும் அதே கதவடியில், அதே வளைவில் திக்கினால் அது ஷேடர் இல்லை. அடுத்த பகுதியை டிஸ்க்கில் இருந்து ஏற்றுகிற நேரமாக இருக்கலாம், கார்டின் மெமரி நிரம்பியிருக்கலாம். மேலே சொன்ன லப்டொப்பில்கூட ஒரு பாலத்தடி கடைசிவரை திக்கியது, நாங்கள் செய்த எதுவும் அதற்கு உதவவில்லை. 2022 இல் 'எல்டன் ரிங்' வந்தபோது எல்லோரும் ஷேடர் ஷேடர் என்றார்கள். ஸ்டீம் டெக்கில் அந்த கேமைச் சீராக்கிய வால்வ் பொறியியலாளர் சொன்னது வேறு: தாங்கள் கண்ட பெரிய உறைவுகளில் பெரும்பான்மை ஷேடரால் வரவில்லை, கேம் சில இடங்களில் ஆயிரக்கணக்கான வளங்களை ஒரேயடியாக உருவாக்கி மெமரியைத் திணறடித்தது என்றார். அப்படியான திக்கலுக்கு உங்கள் கேஷில் மருந்து இல்லை. பட்ச் வரும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தச் சமையலை முன்கூட்டிச் செய்ய முடியாது என்றில்லை. ஸ்டீம் டெக்கில் எல்லோரிடமும் ஒரே மாதிரிச் சிப் என்பதால் தயாரான ஷேடர்களையே வால்வ் இறக்கித் தருகிறது. அன்ரியல் எஞ்சினில் 5.1, 5.2 பதிப்புகளில் இருந்து தேவையான ஷேடர்களை முன்கூட்டித் தயார்படுத்தும் வசதி இருக்கிறது. அப்படி இருந்தும் ஒரு நிறுவனம் நடு ஆட்டத்தில் கொம்பைல் பண்ணுகிற கேமை முழு விலைக்கு விற்கிறது என்றால், தான் செய்திருக்க வேண்டிய வேலையை நம் தலையில் கட்டுகிறது. அதற்கு மேல் ஸ்டீமின் காசு திருப்பும் விதி: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். மெனுவில் ஷேடர் வீதம் ஓடுகிற நேரமும் விளையாடிய நேரமாகத்தான் கணக்கில் விழுகிறது. ஒரு மணித்தியாலம் கொம்பைலுக்கே போனால், பிடிக்குதா இல்லையா என்று பார்க்க மிச்சம் ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

அது மாறும்வரை, வாங்கின அன்று வேறு எதையும் பார்க்க முதல் வீதம் 100 ஆகட்டும், பிறகு நேரே மூன்று போத்தலையும் எறிந்து பாருங்கள். ஸ்டீமில் ஒன்றரை மணித்தியாலம் காட்டும்போதும் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் திக்கினால் காசைத் திருப்பிக் கேளுங்கள்.