ஃபைனான்ஷியல் அட்வைசரோட முதல் கால்: அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எதைத் தேடணும், எதைத் தேடக் கூடாது?

"ஆபீஸ்ல ஒரு அண்ணன் அவரோட அட்வைசர் நம்பர் கொடுத்திருக்கார். சனிக்கிழமை முதல் தடவை பேசப் போறேன். என்ன கேட்கணும்?" இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது. என் பதில் ரொம்பச் சின்னது. என்ன கேட்கணும்னு தெரியணும்னா, யார்கிட்ட பேசுறோம்னு முதல்ல தெரியணும். அதுக்குப் பத்து நிமிஷம் போதும். அதுக்கு மேல தோண்ட ஆரம்பிச்சா, அது விசாரணையா மாறிடும்.

நம்ம ஆட்கள்கிட்ட ரெண்டு பழக்கம் இருக்கு. ஒண்ணு, எதுவுமே பார்க்காம பேசுறது. அப்போ "சார், நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க, நம்பலாமா?"ன்னு கேட்போம். இதுக்கு யாரும் "நம்பாதீங்க"ன்னு சொல்லப் போறதில்லை. இன்னொண்ணு, இன்ஸ்டாகிராம் வரைக்கும் போய் அவர் என்ன கார் வெச்சிருக்கார், பிள்ளை எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு பார்க்கிறது. இதுல எதுவும் உங்க பணத்தை அவர் எப்படிக் கையாளுவார்னு சொல்லாது. போன்ல வாய் தவறி அதைச் சொல்லிட்டீங்கன்னா, எதிர்ல இருக்கிறவர் அதோட சுருங்கிடுவார்.

முதல் ஐந்து நிமிஷம்: நம்பரைத் தேடுங்க, பெயரை இல்லை

விசிட்டிங் கார்டுல "வெல்த் கோச்", "மணி மென்டார்" எதுவேணா இருக்கலாம். அதுக்குச் சட்டத்துல அர்த்தம் இல்லை. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்துல நீங்க சந்திக்கப் போறவர் பெரும்பாலும் ரெண்டு வகைல ஒருத்தர்.

முதல் வகை, செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். பதிவு எண் `INA`ன்னு தொடங்கும். இவர் உங்ககிட்ட நேரடியா ஃபீஸ் வாங்குவார். ஃபண்ட் கம்பெனிகிட்ட கமிஷன் வாங்கக் கூடாது. ரெண்டாவது வகை, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். இவர் எண் `ARN-`ன்னு தொடங்கும். உங்ககிட்ட ஃபீஸ் கேட்கமாட்டார். ரெகுலர் பிளான் வழியா கமிஷன் அவருக்குப் போகும். ரெண்டுமே நேர்மையான தொழில்தான். ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற வேற. விநியோகஸ்தரா மட்டும் இருக்கிறவர், செபி பதிவு இல்லாம தன்னை "இன்டிபென்டென்ட் ஃபைனான்ஷியல் அட்வைசர்"னோ "வெல்த் அட்வைசர்"னோ போட்டுக்கக் கூடாதுன்னு 2020-ல் விதியே வந்தது.

எங்கே பார்க்கிறது? ஆலோசகர்னா `sebi.gov.in` தளத்துல Intermediaries பகுதிக்குப் போய் Investment Adviser பட்டியல்ல எண்ணைப் போடுங்க. பெயர், முகவரி, மெயில், போன், பதிவு எதுவரைக்கும் செல்லும் எல்லாம் வரும். விநியோகஸ்தர்னா `amfiindia.com` தளத்துல ஏஆர்என் எண்ணைப் போடுங்க.

ஏன் பெயரைப் போட வேண்டாம்னு சொல்றேன்? நம்ம ஊர்ப் பெயர்கள் அப்படி. கார்டுல "கே. செந்தில்"னு இருக்கும். பதிவேட்டுல அந்த 'கே' அப்பா பெயரா விரிஞ்சு முன்னாடியோ பின்னாடியோ நிற்கும். ஆங்கிலத்துல செந்திலுக்கு ரெண்டு மூணு எழுத்துமுறை. பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்கலைன்னா அவர் போலின்னு அர்த்தம் இல்லை. அதே மாதிரி, செபி உத்தரவுகள் பட்டியல்ல அதே பெயர் வந்தாலும் அது அவரேன்னு முடிவு கட்டிடாதீங்க. பதிவு எண்ணோ, கம்பெனி பெயரோ, முகவரியோ பொருந்தினா மட்டும் கணக்குல எடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். எண் பதிவேட்டுல இருக்குன்னு பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. மோசடி பண்றவங்க சொந்தமா எண் கண்டுபிடிக்கிறதில்லை. உண்மையான ஒருத்தரோட எண்ணை எடுத்துத் தன் வாட்ஸ்அப் டிபில போட்டுக்குவாங்க. அதனால பதிவேட்டுல இருக்கிற போன், மெயிலும் உங்களைக் கூப்பிடுற போன், மெயிலும் ஒண்ணான்னு பாருங்க. பொருந்தலைன்னா உடனே சண்டை வேண்டாம், நம்பர் மாறியிருக்கலாம். பதிவேட்டுல இருக்கிற மெயிலுக்கு "இந்த நம்பர்ல பேசுறது நீங்கதானா?"ன்னு ஒரு வரி அனுப்புங்க. பதில் வர்ற வரைக்கும் பான் கார்டு, ஸ்டேட்மென்ட் எதையும் அனுப்பாதீங்க.

அடுத்த மூணு நிமிஷம்: அவரே வெளியில சொன்னது

அவரோட வெப்சைட், லிங்க்ட்இன். அவ்வளவுதான். இந்த ரெண்டும் அவர் தொழிலுக்காக, உங்களை மாதிரி ஆள் பார்க்கணும்னு அவரே எழுதி வெச்சது. முன்னாடி எங்க வேலை பார்த்தார், யாருக்கு ஆலோசனை சொல்றார், என்ன எழுதியிருக்கார்னு பாருங்க. செபி ஆலோசகர்னா தன் தளத்துல மாசா மாசம் புகார் விவரம் போடணும். எத்தனை வந்தது, எத்தனை தீர்ந்ததுன்னு ஒரு சின்ன அட்டவணை இருக்கும். பல பேருக்குப் பூஜ்யம்தான் இருக்கும். கடைசியா எந்த மாசம் அப்டேட் ஆகியிருக்குன்னு பாருங்க. ஒரு வருஷமா தொடாம இருந்தா, அதுவே கேட்க ஒரு நல்ல கேள்வி.

படிப்பைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் புரிஞ்சுக்கோங்க. சிஎஃப்பி, சிஎஃப்ஏ இதெல்லாம் தகுதி. அட்வைஸுக்கு ஃபீஸ் வாங்குற அனுமதி இல்லை. அனுமதி அந்த `INA` எண்தான்.

எங்க நிறுத்தணும்? என் அளவுகோல் இதுதான்: "இதை எங்க பார்த்தேன்னு அவர்கிட்ட கூச்சமில்லாம சொல்ல முடியுமா?" செபி தளத்துல பார்த்தேன்னு சொல்லலாம். லிங்க்ட்இன்ல பார்த்தேன்னு சொல்லலாம். "உங்க மனைவியோட ஃபேஸ்புக்ல பார்த்தேன்"னு சொல்ல முடியுமா? முடியாதுன்னா அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கடைசி ரெண்டு நிமிஷம்: மூணு கேள்வி எழுதுங்க

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். உங்களுக்கு 27 வயசு, மாசம் ₹10,000 எஸ்ஐபி போடணும். அந்த அண்ணன் கொடுத்த நபரோட ப்ரொஃபைல்ல "சிஎஃப்பி, 12 வருட அனுபவம்"னு இருக்கு. செபி ஆலோசகர் பட்டியல்ல எண் இல்லை. ஆம்ஃபி தளத்துல ஏஆர்என் இருக்கு, 2024-ல் தொடங்கி மூணு வருஷத்துக்குச் செல்லும். லிங்க்ட்இன்ல ஒன்பது வருஷம் ஒரு வங்கியில ரிலேஷன்ஷிப் மேனேஜர், அதுக்கப்புறம் சொந்தமா.

இதைப் பார்த்ததும் "12 வருஷம்னு பொய் சொல்றார், 2024-லதான் ஆரம்பிச்சிருக்கார்"னு தோணும். அவசரப்படாதீங்க. ஏஆர்என் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். நீங்க பார்த்த தேதி புதுப்பிச்ச தேதியா இருக்கலாம். வங்கியில இருந்த ஒன்பது வருஷத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதனால இது குற்றச்சாட்டு இல்லை, கேள்வி.

இப்போ அதே விஷயத்தை ரெண்டு விதமா கேட்டுப் பாருங்க. "நீங்க ஏன் பேங்க் வேலையை விட்டீங்க? மாசம் எவ்வளவு வருது?" இது நோண்டுறது. "லிங்க்ட்இன்ல பார்த்தேன் சார், ஒன்பது வருஷம் வங்கியில இருந்திருக்கீங்க. அங்க கஸ்டமருக்குச் செஞ்சதுக்கும் இப்போ தனியா செய்றதுக்கும் என்ன வித்தியாசம்?" இதுல எங்க பார்த்தீங்கன்னு முதல்லயே சொல்லிட்டீங்க, கேள்வி அவர் வேலையைப் பத்தி இருக்கு, பதில் எவ்வளவு சொல்றதுங்கிறதும் அவர் கையில இருக்கு.

ரெண்டாவது கேள்விதான் எல்லோரும் கேட்கத் தயங்குறது: கமிஷன். "அது அவர் பெர்சனல் இல்லையா?" இல்லைங்க. விநியோகஸ்தர் தனக்கு வர்ற கமிஷனையும், அதே மாதிரி மற்ற ஃபண்டுகளுக்கு என்ன கமிஷன்ங்கிறதையும் முதலீட்டாளருக்குத் தெரிவிக்கணும்னு செபி விதி இருக்கு. அதனால அவருடைய மொத்த வருமானத்தைக் கேட்காதீங்க. உங்க பணத்துல அவருக்கு வர்றதைக் கேளுங்க. "ஆம்ஃபி தளத்துல உங்க ஏஆர்என் பார்த்தேன் சார். நீங்க சொல்ற ஃபண்ட்ல உங்களுக்கு டிரெயில் கமிஷன் எத்தனை சதவீதம்? இதே வகைல இன்னொரு ஃபண்ட்ல எவ்வளவு?" அவர் 0.8 சதவீதம்னு சொன்னா, உங்க முதலீடு ₹5 லட்சம் ஆகும்போது வருஷத்துக்கு ₹4,000. அந்த ₹4,000-க்கு என்ன சேவை கிடைக்குதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

மூணாவது, அந்த 12 வருஷக் கணக்கு: "உங்க ஏஆர்என் 2024-ல் புதுப்பிச்சதா? முதல் தடவை எப்போ எடுத்தீங்க?" ஒரே வாக்கியத்துல பதில் வந்துடும். பதில் சொல்லாம "என்னையே சந்தேகப்படுறீங்களா?"ன்னு கோபப்பட்டா, அதுவும் ஒரு பதில்தான்.

பட்டியல்ல `INA` எண் இருந்திருந்தா ரெண்டாவது கேள்வி மாறும். "ஃபிக்ஸட் ஃபீஸா, சொத்து மதிப்புல சதவீதமா?" செபி வெச்சிருக்கிற உச்சவரம்பு, ஃபிக்ஸட்னா ஒரு குடும்பத்துக்கு வருஷம் ₹1,51,000, சதவீதம்னா 2.5. கூடவே இதையும் கேளுங்க: "நீங்க சொல்ற ஃபண்டை உங்க வீட்டுல யாராவது விநியோகம் பண்றாங்களா?" இது குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்கிற மாதிரித் தெரியும். ஆனா தனிநபர் ஆலோசகர்கிட்ட ஆலோசனை வாங்குற வாடிக்கையாளருக்கு அவர் குடும்பத்தார் விநியோகச் சேவை தரக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனால அவருக்கும் இது பழகின கேள்விதான்.

ஒரு எச்சரிக்கை. தேடிக் கண்டுபிடிச்சதை எல்லாம் போன்ல ஒப்பிக்காதீங்க. அவர் காலேஜ் வருஷத்துல இருந்து வரிசையா சொன்னா, ஒவ்வொண்ணும் பொதுவெளியில இருந்தாலும் கேட்கிறவருக்கு உதறும். ஒரு கேள்விக்கு ஒரு தகவல். பதிவேட்டுல பார்த்துத் தெரிஞ்சதைத் திரும்பக் கேட்கிறதும் வேண்டாம். அது பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கும்.

இந்தப் பத்து நிமிஷம் அவர் திறமைசாலியான்னு சொல்லாது. பதிவு இருக்கிற எல்லோரும் நல்ல ஆலோசனை சொல்றவங்க இல்லை. இது சொல்றது ரெண்டே விஷயம்: பேசுறவர் தான் சொல்ற ஆள்தானா, அவருக்குப் பணம் எந்தப் பக்கத்துல இருந்து வருது. முதல் கால்ல உங்க சம்பளம், கடன், அம்மா அப்பா மருத்துவச் செலவு வரைக்கும் அவர் கேட்பார், கேட்டுத்தான் ஆகணும். அதையெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிறது உங்க உரிமை.

இந்த வாரம் யாருக்காவது கால் இருக்கா? இப்போவே கார்டுல `INA`வா `ARN-`ஆன்னு பாருங்க. ரெண்டுமே இல்லைன்னா, முதல் கேள்வி உங்களுக்குக் கிடைச்சாச்சு.