புண்ணில் கிருமி இருந்தால் அது தொற்றா? ஸ்வாப் ரிப்போர்ட்டைப் பார்த்து பயப்படும் முன் படிக்க வேண்டியது

1/
வீட்டில் யாருக்காவது மாதக்கணக்கில் ஆறாத கால் புண் இருக்கிறதா? அப்படியென்றால் "கல்ச்சர் ரிப்போர்ட்" ஒன்றாவது உங்கள் ஃபைலில் இருக்கும். அதில் வாயில் நுழையாத ஒரு கிருமியின் பெயர், பக்கத்தில் "அதிக வளர்ச்சி", கீழே மருந்துகளின் நீண்ட பட்டியல்.

அந்தத் தாளை வைத்து மட்டும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கக் கூடாது. ஏன் என்று பொறுமையாகச் சொல்கிறேன்.

2/
முதல் விஷயம். திறந்திருக்கும் எந்தப் புண்ணிலும் சில நாட்களில் கிருமிகள் வந்து உட்கார்ந்துவிடும். நம் தோலிலேயே கோடிக்கணக்கில் இருப்பவைதான். நாள்பட்ட புண்ணில் கிருமியே இல்லை என்று ரிப்போர்ட் வந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

கிருமி புண்ணின் மேல் குடியிருக்கிறது, ஆனால் சதைக்குள் புகுந்து கெடுதல் செய்யவில்லை. இது வெறும் குடியிருப்பு. சதைக்குள் புகுந்து, உடல் அதை எதிர்த்துச் சண்டை போட ஆரம்பித்தால்தான் அது தொற்று. ஆன்டிபயாடிக் தேவைப்படுவது இரண்டாவதற்கு மட்டும்.

3/
சரி, இந்த வித்தியாசத்தை லேப் சொல்லாதா? சொல்லாது. சொல்ல முடியாது.

லேபுக்குப் போவது பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. அதில் ஒட்டியிருப்பதை வளர்த்துப் பார்க்கிறார்கள். மேலே சும்மா இருந்த கிருமியும் வளரும், உள்ளே நாசம் செய்த கிருமியும் வளரும். உங்கள் காலை அவர்கள் பார்க்கவே இல்லை.

மருந்துப் பட்டியலில் "எஸ்" என்று போட்டிருப்பதற்கு "இந்த மருந்தைக் கொடு" என்று பொருள் கிடையாது. "ஒருவேளை கொடுக்க வேண்டி வந்தால் இது கேட்கும்" என்பது மட்டுமே.

4/
அப்புறம் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாலும் கையாலும். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் விதி இது. கீழே உள்ள ஐந்தில் இரண்டாவது இருக்க வேண்டும்:

▪ புண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது கெட்டிப்பு
▪ புண் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் பரவிய சிவப்பு
▪ தொட்டால் வலி
▪ சூடு
▪ சீழ்

5/
இதில் நம் ஊருக்கு இரண்டு எச்சரிக்கை.

நம் தோல் நிறத்தில் சிவப்பு "சிவப்பாக" தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, இறுக்கமாக, பளபளப்பாகத் தெரியும். புறங்கையை வைத்து சூட்டைப் பாருங்கள். மறு காலின் அதே இடத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள்.

புண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் படலத்தைப் பலர் சீழ் என்று நினைக்கிறார்கள். அது செத்த திசு. துடைத்தாலும் போகாது, வழியாது. சீழ் என்றால் வழியும்.

6/
ஒரு உதாரணம். 58 வயது, பல வருடச் சர்க்கரை. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் 4 மாதப் புண். கையில் மூன்று ரிப்போர்ட்.

முதலாவதில் ஸ்டைஃபைலோகாக்கஸ். மாத்திரை சாப்பிட்டார். அடுத்ததில் சூடோமோனாஸ். வேறு மாத்திரை. மூன்றாவதில் க்ளெப்சியெல்லா. இப்போது கேட்பது விலை உயர்ந்த ஊசி மருந்துகள் மட்டும். மகன் சொல்கிறார்: "சார், கிருமி ரொம்ப ஸ்ட்ராங் ஆயிடுச்சாம். அப்பாவை அட்மிட் பண்ணி அந்த ஊசியைப் போட்டுருங்க சார்."

7/
காலைப் பார்த்தேன். புண்ணின் தரை நல்ல சிவப்பு. சுற்றி வீக்கம் இல்லை, சூடு இல்லை, சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை. பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைக்கிறது. குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தால் எலும்பு தட்டவில்லை. எக்ஸ்ரேயிலும் எலும்பு சரியாக இருந்தது.

ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அதாவது தொற்றே இல்லை.

ஆனால் புண்ணைச் சுற்றி காய்த்துத் தடித்த தோல். பாதத்தில் உணர்ச்சி சுத்தமாக இல்லை. அந்தக் காலை ஊன்றித்தான் தினமும் நடக்கிறார். ஒவ்வொரு அடியிலும் உடல் எடை அந்தப் புண்ணின் மேல் இறங்குகிறது.

8/
மூன்று கோர்ஸ் ஆன்டிபயாடிக்கும் புண்ணின் மேல் இருந்த கிருமியை மாற்றியதே தவிர, புண்ணை மாற்றவில்லை. ஒன்றைத் துரத்தினால் அந்த இடத்தில் அந்த மருந்துக்கு அடங்காத இன்னொன்று வந்து உட்காரும். அதைத்தான் அந்த மூன்று ரிப்போர்ட்டும் வரிசையாகச் சொல்கின்றன.

"ஐயா, ஊசி வேண்டாம். உங்க புண்ணுக்கு எதிரி கிருமி இல்ல, உங்க நடைதான்" என்றேன். தடித்த தோலைச் சீவி எடுத்தோம். பாரம் புண்ணில் விழாதபடி முழங்கால் வரை மாவுக்கட்டு. அதை வாராவாரம் பிரித்துப் பார்த்துத் திரும்பப் போட்டோம். சர்க்கரையைச் சரி செய்தோம். ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இல்லை. 9 வாரத்தில் புண் மூடியது.

9/
"எதுக்கும் ஒரு கோர்ஸ் போட்டா என்ன கெட்டுடப் போகுது?" என்று கேட்பீர்கள். கெடும்.

சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சிலருக்கு சர்க்கரை அபாயமாக இறங்கும். அமிகாசின் ஊசி, ஏற்கனவே தளர்ந்திருக்கும் சர்க்கரை நோயாளியின் கிட்னியை மேலும் கெடுக்கலாம், காதையும் பாதிக்கலாம். பிறகு நிஜமான தொற்று வரும் நாளில் கேட்பதற்கு மருந்து மிச்சம் இருக்காது.

10/
அப்படியென்றால் கல்ச்சரே வேண்டாமா? வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் தொற்று இருக்கிறது என்று பரிசோதனையில் முடிவாக வேண்டும். பிறகு புண்ணைக் கழுவி, செத்த திசுவை அகற்றி, அடியிலிருந்து சிறு சதைத் துணுக்கைச் சுரண்டி அனுப்ப வேண்டும். அதுவும் முதல் டோஸ் மருந்துக்கு முன்னால். இதுதான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ரிப்போர்ட்.

ட்ரெஸ்ஸிங்கைப் பிரித்ததும் மேலே குச்சியால் தடவி அனுப்புவதில் கிடைப்பது மேலே குடியிருப்பவர்களின் விலாசம் மட்டுமே. தொற்றுக்கான அறிகுறி இல்லாத புண்ணில் ஸ்வாப் எடுக்கும் வழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. ரிப்போர்ட் கையில் வந்துவிட்டால், மருந்து எழுதாமல் இருப்பது யாருக்கும் கஷ்டம்.

11/
இன்னொன்று. நிஜமான தொற்றுக்கும், எலும்பு வரை போகாவிட்டால், பெரும்பாலும் 1 முதல் 2 வாரம் மருந்து போதும். வீக்கமும் சூடும் அடங்கினால் நிறுத்திவிடலாம். புண் மூடும்வரை தொடர வேண்டியதில்லை. புண்ணை மூடுவது மருந்தின் வேலை அல்ல.

12/
இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிஜமான தொற்றை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உணர்ச்சி இல்லாத காலில் வலி தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் சிவப்பும் சூடும் குறைவாகவே இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்:

▪ காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்
▪ காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது
▪ புதிதாகக் கிளம்பிய கெட்ட வாடை
▪ தோல் கறுத்துப் போவது, கொப்புளம்
▪ சிவப்பு பரவுவது. பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தில் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினால் உடனே கிளம்புங்கள்

13/
அடுத்த முறை ரிப்போர்ட்டோடு போகும்போது "இந்தக் கிருமிக்கு என்ன மருந்து சார்?" என்று கேட்காதீர்கள்.

"இந்தப் புண்ணில் தொற்று இருக்கா? இல்லைன்னா இது ஏன் ஆறல?" என்று கேளுங்கள். காலில் ரத்த ஓட்டம், புண்ணில் விழும் பாரம், சர்க்கரை. பதில் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். அந்த மூன்றும் ஸ்வாப் ரிப்போர்ட்டில் வராது.