'நூறு வீதம் சித்தி': புலமைப்பரிசில் விளம்பரங்கள் மறைக்கும் கணக்கு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் வடக்கில் இன்னொரு பருவம் தொடங்கிவிடுகிறது. சந்தி மதில்களிலும் முகநூலிலும் பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களிலும் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்கள் நிறைகின்றன. வரிசையாகச் சிறுவர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் புள்ளிகள், மேலே தடித்த எழுத்தில் 'நூறு வீதம் சித்தி', கீழே 'மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி, இன்றே பதிவு செய்யுங்கள்'. அடுத்த ஆண்டு பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளையின் பெற்றோரைக் குறிவைத்தே இவை எழுதப்படுகின்றன.

இந்த 'நூறு வீதம்' என்பதில் இருந்தே தொடங்கலாம். பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள், மொத்தம் 200. இரண்டிலும் தலா 35 புள்ளிகளாவது எடுத்து, மொத்தம் 70ஐ எட்டிய பிள்ளை சித்தியடைந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் புலமைப்பரிசிலுக்கான வெட்டுப்புள்ளி வேறு. அது மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு ஆண்டும் மாறும். அண்மைய ஆண்டுகளில் தமிழ்மூலத்தில் பெரும்பாலான மாவட்டங்களில் அது 130ஐத் தாண்டியே இருந்திருக்கிறது. ஆகவே ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் 70ஐத் தாண்டி, ஒருவர்கூட வெட்டுப்புள்ளியை எட்டாவிட்டாலும் 'நூறு வீதம் சித்தி' என்று எழுத முடியும். அதில் பொய் இல்லை. வாசிக்கும் தாய் வேறொன்றாக விளங்கிக்கொள்வாள் என்பதில்தான் அந்த விளம்பரம் தங்கியிருக்கிறது.

அடுத்தது படங்கள். ஓர் எடுத்துக்காட்டாக, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய 18 பிள்ளைகளின் படங்களை ஒரு நிலையம் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது பெரிய சாதனை. அங்கே மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று விளம்பரம் சொல்லாது. 120 பேர் படித்திருந்தால் 18 என்பது 15 வீதம். நாடு முழுவதும் பரீட்சைக்குத் தோற்றுவோரில் ஆறு அல்லது ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறார்கள். அப்படியென்றால் அந்த நிலையத்தின் பெறுபேறு நாட்டின் பொதுவான நிலைதான். 30 பேர் மட்டும் படித்திருந்தால் கதை வேறு. ஆனால் அப்போதும் அந்த 30 பேரும் நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களா என்று பார்க்க வேண்டும். முன்னமே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அவர்களின் புள்ளிகளைத் தன் உழைப்பாகக் காட்டுவது எளிது.

ஒரே பிள்ளையின் படம் இரண்டு மூன்று விளம்பரங்களில் வருவதும் உண்டு. ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் வகுப்பு, இன்னோரிடத்தில் வார இறுதி மாதிரிப் பரீட்சை, வேறோரிடத்தில் கடைசி மாதக் கருத்தரங்கு என்று போன பிள்ளையை மூன்று நிலையங்களும் உரிமை கோருகின்றன. அந்தப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் படிப்பித்த பாடசாலை ஆசிரியரின் பெயர் எதிலும் இருக்காது.

எனவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கடந்த ஆண்டு உங்களிடம் ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் நம் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? இடையில் விலகியவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்வி முக்கியமானது. பின்தங்கும் பிள்ளைகள் விலகிவிட்டால் மிஞ்சுவோரின் வீதம் தானாகவே உயர்ந்துவிடும். எண்ணைச் சொல்லாமல் மீண்டும் படங்களையே காட்டுகிறார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

இந்தக் கேள்விகள் ஏன் வேண்டியிருக்கின்றன என்பது எங்கள் ஊர்களில் விளக்கத் தேவையில்லாதது. வீடும் காணியும் தொழிலும் போனபின் மிஞ்சியது படிப்புத்தான் என்று நம்பும் சமூகம் இது. கணவனை இழந்து கூலி வேலையில் குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண், நகையை அடகு வைத்தாவது வகுப்புக் காசு கட்டுவாள். 'உங்கள் பிள்ளை பின்தங்கலாமா?' என்ற விளம்பர வரி அந்த நம்பிக்கையைத்தான் தொடுகிறது.

அவளுக்குச் சொல்லப்பட வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்தப் பரீட்சைக்கு இரண்டு நோக்கங்கள்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவுதொகை, தரம் 6இல் பிரபல பாடசாலைக்கு அனுமதி. பிரபல பாடசாலைகளுக்குத் தனித்தனி வெட்டுப்புள்ளிகள் உண்டு, அவை பெரும்பாலும் மாவட்ட வெட்டுப்புள்ளியைவிட உயர்ந்தவை. உதவுதொகைக்குத் தகுதி பெற்ற பிள்ளைக்கும் விரும்பிய பாடசாலை கிடைக்காமல் போகலாம். வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையை எந்த அரச பாடசாலையும் வெளியே அனுப்புவதில்லை. அதே இலவசப் பாடநூல், அதே சாதாரண தரப் பரீட்சை, அதே உயர்தரம் அந்தப் பிள்ளைக்கும் உண்டு. பத்து வயதில் கதவு மூடிவிடும் என்று சொல்வது விளம்பரம் மட்டுமே.