சீமெந்தை அடுக்கி வைக்க வேண்டாம்



விலை கூடிவிடும் என்ற பயத்தில், வீட்டுக்கான முழுச் சீமெந்தையும் ஒரே தடவையில் இறக்குவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. 2022இல் விலை எகிறியதை யாரும் மறக்கவில்லைதான். ஆனாலும் இது நட்டத்தில் முடியும் என்பதே எங்கள் கருத்து.

ஒரு கணக்குப் பார்ப்போம். 600 சதுர அடியில் 5 அங்குலச் சிலப் போட, 1:2:4 கலவையில், பீம் நீங்கலாக ஏறத்தாழ 45 பை போதும். முட்டுக் கழற்ற இரண்டு வாரமாவது ஆகும். அதன் பிறகுதான் உட்பூச்சு. பூச்சுக்கான 80 பையையும் சிலப்போடு சேர்த்து இறக்கினால், பை 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 160,000 ரூபாய் மூலையில் கிடக்கும். மேசன் கூலிக்குக் கை கடிக்கும்.

சீமெந்தும் காத்திருக்காது. கடற்காற்றின் ஈரம் பைக்குள் இறங்கும். மூன்று மாதத்தில் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம். மாரியில் இன்னும் வேகமாகக் குறையும். பையில் கட்டி இருந்தால் விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக உதிராவிட்டால் அது சிலப்புக்கும் தூணுக்கும் ஆகாது.

சிலப் வேலையை இடையில் நிறுத்த முடியாது. அதனால் அதற்குரிய பைகளையும் மேலதிகமாக இரண்டு மூன்றையும் முதல் நாளே இறக்குங்கள். பூச்சுக்கு, மேசன் ஒரு நாளில் முடிக்கும் பைகளைப் பார்த்து, வாரத்துக்கு வாரம் எடுங்கள். சீமெந்துத் தொழிற்சாலையே நம் திருகோணமலையில் இருக்கிறது. விலைப் பயம் விடவில்லையென்றால் டைல்ஸை முன்கூட்டி வாங்குங்கள். அது ஈரத்தில் கெடாது.