தாலி ஏறிட்டுது, எழுத்து முடிஞ்சுதா?



ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கினால் லண்டனில ஹோல்கள் நிரம்பிவிடும். முன்னூறு பேர் பார்க்க ஐயர் மந்திரம் சொல்லி, தாலி கட்டி, அட்சதையும் போட்டாச்சு. ஆனா இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தின் கண்ணில், எழுத்து இல்லாமல் அது பெரும்பாலும் கலியாணமே இல்லை.

இது வெறும் கடதாசிப் பிரச்சினை இல்லை. அக்தர், கான் என்ற தம்பதியின் வழக்கைப் பாருங்கோ. 1998இல் லண்டனில் ஓர் உணவகத்தில் நிக்காஹ் செய்து, நான்கு பிள்ளைகளோடு பல வருஷம் வாழ்ந்தார்கள். பதிவு மட்டும் நடக்கவில்லை. பிரிந்தபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அந்தச் சடங்கு சட்டத்துக்குள்ளேயே வரவில்லை என்றது. செல்லாத திருமணம் என்று தீர்ப்பு வந்திருந்தால்கூட சொத்தில் பங்கு கேட்டிருக்கலாம். அந்த வழியும் அடைபட்டது. கோயில் கலியாணத்துக்கும் இதே தர்க்கம்தான். துணை உயில் எழுதாமல் இறந்தாலும், மனைவி என்ற முறையில் தானாக எதுவும் வராது. வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, வேலையை விட்டுப் பிள்ளை வளர்த்தது யார் என்று யோசித்தால், இந்த இழப்பு யார் தலையில் விழும் என்று தெரியும்.

சரி, எழுத்து எப்படி நடக்கும்? இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் 'நோட்டிஸ்' கொடுக்கவேண்டும். அதற்கு முன் குறைந்தது ஏழு நாள் அந்தப் பகுதியில் வசித்திருக்கவேண்டும். வயது, பெயர், குடியுரிமை மூன்றுக்கும் பாஸ்போட் போதும். முகவரிக்குப் புதிய வங்கிக் கணக்கறிக்கை போன்ற ஒன்று வேணும். முன்பு மணமானவர் என்றால் விவாகரத்தின் இறுதி ஆணையோ, முந்தைய துணையின் மரணச் சான்றிதழோ கட்டாயம். நோட்டிஸ் 28 நாள் பொதுப் பார்வையில் இருக்கும்.

எங்கட ஆக்கள் அதிகம் மாட்டுப்படுவது இங்கேதான். ஹரோவில் பிறந்த ஒரு பெண்ணும் மாணவர் விசாவில் இருக்கும் பெடியனும் என்று வைப்போம். இருவரும் சேர்ந்தே போகவேண்டும். விவரம் உள்துறை அமைச்சுக்கும் போகும். ஆகஸ்ட் 1இல் நோட்டிஸ் கொடுத்தால் ஆகஸ்ட் 30இலிருந்து எழுதலாம். அமைச்சு விசாரிக்க முடிவெடுத்தால் 28 நாள் 70 நாளாகும். அப்போ ஒக்டோபர் 11 வரை பொறுக்கவேண்டும். நேர்காணலுக்குக் கூப்பிட்டுப் போகாவிட்டால் எழுத்தே மறுக்கப்படலாம். செப்டம்பர் 5இல் கோயிலில் நாள் குறித்திருந்தால், தாலி முதலில் ஏறும், எழுத்து பிறகு இழுபடும். குடிவரவுச் சந்தேகத்தின் விலையைக் காதலிக்கிறவர்கள் கட்டுகிறார்கள். அதை எதிர்ப்போம். ஆனா அதுவரைக்கும், ஹோலுக்கு முற்பணம் கட்டமுன் நோட்டிஸ் கொடுங்கோ.

எழுத்து நாளில் இரண்டு சாட்சிகள் போதும். சாட்சிக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை, உறவாக இருக்கவும் தேவையில்லை. சட்டம் வயதும் குறிப்பிடவில்லை. நடப்பது விளங்கக்கூடியவராக, உறுதிமொழி சொல்லும்போது அங்கேயே இருந்தவராக இருக்கவேண்டும். குடும்பம் எதிர்க்கிற சாதி மாறிய கலியாணத்துக்கு இரண்டு நண்பர்களே போதும் என்பது சின்ன விஷயம் இல்லை.

2021 மே 4இலிருந்து பெரிய பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பதில்லை. ஒற்றைத் தாளில் தம்பதி, சாட்சிகள், நடத்துபவர் கையெழுத்திட, விவரம் மின்பதிவேட்டில் ஏறின பிறகுதான் சான்றிதழ். திருமணத்துக்கென்று பதிவான கோயிலில் கோயில் கலியாணமே சட்டக் கலியாணமாகலாம். ஆனா அந்தத் தாள் 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் திரும்பவேண்டும். ஆகவே நிர்வாகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கோ: கட்டடம் திருமணத்துக்குப் பதிவானதா? தாளைத் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பு யாருக்கு? பதில் மழுப்பலாக இருந்தால் பதிவு அலுவலகத்திலேயே எழுதிவிடுங்கோ.

வயது பற்றி ஒன்று. 2023 பெப்ரவரி 27இலிருந்து இங்கே குறைந்தபட்ச வயது 18. பெற்றோர் சம்மதித்தாலும் 16, 17இல் முடியாது. பதிவில்லாத சடங்கைக் கலியாணமாக ஏற்காத இதே சட்டம், பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அதே சடங்கை ஏற்பாடு செய்வதைக் குற்றமாக்குகிறது. வற்புறுத்தல் இல்லாவிட்டாலும் குற்றம்தான். "தாலி மட்டும் கட்டி வைப்பம், எழுத்து பிறகு" என்று எந்த மாமாவும் இனித் தப்பமுடியாது.

கட்டடத்தை விட்டு, திருமணத்தை நடத்துபவரை மையமாக வைத்துச் சட்டத்தை மாற்றச் சொல்லி சட்ட ஆணைக்குழு 2022இல் பரிந்துரைத்தது. அந்த மாற்றம் எங்கட கோயில்களுக்கும் தேவை, கோயிலே வேண்டாம் என்கிற எங்களுக்கும் தேவை. அதைக் கேட்டு உங்கட எம்பிக்கு எழுதுங்கோ. இந்த ஆவணியில் கலியாணம் வைத்திருக்கிற அக்கா, தங்கச்சி, நண்பியிடம் இன்றைக்கே கேளுங்கோ: "நோட்டிஸ் குடுத்தாச்சா?"